மெஷின் மேல் சொட்டிய வேஷ்டி

அந்த இடத்துக்குக் கட்டடக்காரர் வைத்த பெயர் யுட்டிலிட்டி. சமையலறைக்குப் பின்னால், ரயிலில் மேல்பெர்த் கீழ்பெர்த் இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் இடம் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்குள் வாஷிங் மெஷின், மடக்கு ஸ்டாண்ட், பக்கெட், துடைப்பம், மாப், இத்தனைக்கும் நடுவில் ஜானு. மைலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மூன்றாவது மாடியில், அந்த ஃப்ளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் அதிக நேரம் நின்றது அந்த டைல்ஸ் தரையில்தான். உட்கார்ந்தது அதில் இல்லை. உட்கார அங்கே இடம் கிடையாது.

தரை போட்ட மேஸ்திரி தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் போகும் சல்லடை ஜன்னல் ஓரம் மூலையில் இருந்தது. ஆனால் தரையின் சரிவோ சமையலறைக் கதவைப் பார்த்து இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொட்டினாலும் அது சல்லடையைத் திரும்பியும் பார்க்காமல் வாசற்படியில் வந்து நின்றுகொள்ளும். அதனால்தான் மாப் எப்போதும் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றது. அதை எடுப்பவள் யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மெஷின் ஜன்னல் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த வெள்ளை மெஷின். மேலே இடப்பக்கம் சோப்புத்தூள் போடும் இழுப்பறை, நடுவில் திருகும் குமிழ், வலப்பக்கம் நிமிடங்களைக் காட்டும் சின்னத் திரை, கீழே வலது மூலையில் உள்ளங்கை அளவு மூடி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸஹானா வாங்கித் தந்தது. அம்மாவுக்கு இனிமேல் ஓய்வு என்று சொல்லித்தான் வாங்கினாள். பெண் பிள்ளைகள் பாசத்தில் எதையாவது சொல்லிவிடுவார்கள்.

கூரையில் ஸ்டீல் குழாய்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு. கயிற்றைத் தளர்த்தினால் குழாய் மார்புவரை இறங்கும், துணியைப் போட்டுவிட்டு இழுத்துக் கொக்கியில் சுற்றினால் மேலே போய் நிற்கும். மற்ற துணியெல்லாம் கீழே மடக்கு ஸ்டாண்டிலும் முன்பக்கக் குழாய்களிலும் காயும். சுவரை ஒட்டிய கடைசிக் குழாய் மட்டும் மடித் துணிக்கு. அதற்கு அடியில் மெஷின் நிற்பதால் யாரும் அந்த வழியே நடக்க முடியாது, தலையோ தோளோ தவறிக்கூட துணிமேல் படாது. குளித்துவிட்டு நனைத்து, பிறகு யார் கையும் படாமல் காய்ந்தால்தான் அது மடி. அந்தக் குழாயைத் தேர்ந்தெடுத்தவர் ஜானுவின் கணவர் பத்ரிநாராயணன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இடம் ஒதுக்குவதில் கெட்டிக்காரர்.

பத்ரிக்கு காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணும்போது கட்டிக்கொள்ள மயில்கண் கரை வேஷ்டி, ஒன்று காயும்போது இன்னொன்று இடுப்பில். அது மெஷினுக்குள் போகக் கூடாது. ஊரில் உள்ள உள்ளாடையும் கால்மிதியும் சுற்றுகிற தொட்டியில் பெருமாளுக்கு முன்னால் உட்காரும் துணி சுற்றலாமா என்பது அவர் கட்சி. முன்பெல்லாம் அவரே குளிக்கும்போது நனைத்துத் துவைத்துப் பிழிந்து உலர்த்திவிடுவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஆண்டு அவருக்கு வலது தோள் இறுகிப்போனது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள் என்று ஜானுவிடம் கொடுத்தார். அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தடவியும் இழுத்தும் தோளைச் சரியாக்கினாள். தோள் திரும்பி வந்தது. வேஷ்டி திரும்பிப் போகவில்லை.

ஜானு பள்ளியில் கணக்கு டீச்சர். வலது மணிக்கட்டில் வலி ஆரம்பித்தபோது கரும்பலகையில் எழுதி எழுதி வந்ததாக்கும் என்று நினைத்தாள். டாக்டர் கட்டைவிரலை மடக்கச் சொல்லி மணிக்கட்டைச் சாய்த்தார், அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். எழுதலாம், பிழியத்தான் கூடாது என்றார் அவர். ஈரத்துணி பிழிவதை நிறுத்தாவிட்டால் அறுவைசிகிச்சை, அதற்குப் பிறகும் பிடி பழையபடி வருமா என்பதற்கு அவர் உத்தரவாதம் தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் சாக்பீஸ் அவள் விரலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி எழுதினாள், மறுபடி விழுந்தது. மாணவிகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இதை அவள் பத்ரியிடம் சொன்னாள். அவரும் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். தைலம் வாங்கி வந்தார். மணிக்கட்டுப் பட்டை வாங்கி வந்தார். வேஷ்டியைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்கவில்லை.

ஆகவே மார்கழி முடிவதற்குள் ஜானு ஒரு காரியம் செய்தாள். பத்ரி நடைக்குக் கிளம்பியதும் வேஷ்டியை மெஷினுக்குள் போட்டாள். தனியாகத்தான் போட்டாள், அந்த மட்டும் மனசாட்சி இருந்தது. நெற்றியில் இடும் திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் பட்ட கறையை மெஷின் அவளைவிட நன்றாகவே எடுத்தது. அலசியது, சுற்றிப் பிழிந்தது. அவள் எடுத்து உதறி மேலே ஏற்றினாள். கை வலிக்கவில்லை. அன்று பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் அவள் காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். மெஷின் பிழிந்த துணி சொட்டாது. பெருமாள் அலமாரி யுட்டிலிட்டியின் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. பத்ரி அங்கே உட்கார்ந்திருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேஷ்டி சொட்டும் சத்தம் கேட்கும். கையால் பிழிந்த துணி எவ்வளவு பிழிந்தாலும் கொஞ்ச நேரம் சொட்டத்தானே செய்யும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் மனிதர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம் வந்தது. அதனால் மறுநாளிலிருந்து மெஷினிலிருந்து எடுத்த வேஷ்டியை பக்கெட் தண்ணீரில் மறுபடி முக்கி, பிழியாமல், கனக்கக் கனக்கத் தூக்கிக் குழாயில் போட்டு ஏற்றினாள். மெஷின் கஷ்டப்பட்டு எடுத்த தண்ணீரை அவள் கஷ்டப்பட்டுத் திரும்ப ஊற்றினாள். கணக்கு டீச்சர் செய்கிற வேலையா இது என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

தண்ணீர் மெஷின் தலைமேல் விழுந்தது. முதலில் அவள் அதன்மேல் பழைய துண்டு ஒன்றை விரித்திருந்தாள். மாசியில் ஒரு நாள் பத்ரி அவள் கையில் தீர்த்தம் சாதித்துக்கொண்டே, என்ன இன்றைக்குச் சத்தமே காணோம், அதற்குள் காய்ந்தே போய்விட்டதா என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். துண்டு சத்தத்தை விழுங்கிவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்றே துண்டை எடுத்துவிட்டாள். அதன்பிறகு காலை முழுவதும் தகட்டின்மேல் டொக், டொக் என்று தெளிவாகக் கேட்டது. வீடு நிம்மதியாக இருந்தது.

பத்ரியின் அப்பாவுக்கு ஆனியில் திதி. அதற்கு முந்தின நாள் ஜானு பள்ளியில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். வாத்தியாருக்கு நினைவூட்டியாயிற்று, எள் சுத்தம் பண்ணியாயிற்று, பித்தளைப் பாத்திரங்கள் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. பத்ரி வடக்கு மாட வீதிப் பக்கம் வாழை இலையும் பாகற்காயும் வாங்கப் போயிருந்தார். திதிக்கு அவர் கட்டிக்கொள்ளும் வேஷ்டி அந்த மயில்கண் கரைதான். அப்பா கட்டியிருந்த கரை என்பார். அன்றைக்கென்று மடி இன்னும் கறார். அன்றைக்கென்று ஜானுவின் மணிக்கட்டும் கறார். அவள் வேஷ்டியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திக் குமிழைத் திருப்பினாள்.

சமையலறையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றியது. சத்தம் குறைந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். திரை இருண்டு கிடந்தது. தொட்டி நின்றிருந்தது. வட்டக் கண்ணாடியின் கீழ்ப்பாதிவரை தண்ணீர் நின்றது. அதில் வேஷ்டி ஊறிக்கொண்டு, பச்சையும் சிவப்புமான கரை கண்ணாடியோடு ஒட்டி, யார் வந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்றது.

சுவிட்சை அணைத்துப் போட்டாள். ஒன்றுமில்லை. கதவை இழுத்தாள். உள்ளே தண்ணீர் நிற்கும்போது அது திறக்காது என்று தெரிந்தும் இழுத்தாள். மணிக்கட்டில் சுரீர் என்றது. சர்வீஸ் ஆளுக்குப் போன் பண்ணினாள், அவன் ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு வீட்டில் இருப்பதாகவும் முடித்துக்கொண்டு வருவதாகவும் சொன்னான். பிறகு ஜானு ஒரு குளியல் துண்டை எடுத்து மெஷின் மேல் விளிம்பில் போட்டு, கண்ணாடியை மறைக்கும்படி முன்னால் தொங்கவிட்டாள். கணவனிடம் இத்தனை வருஷத்தில் அவள் மறைத்தது நிறைய உண்டு, ஆனால் துண்டு போட்டு மறைத்தது இதுதான் முதல் தடவை.

அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. பயத்தினால் இல்லை. மறுபடி ஒரு வேஷ்டியைக் கையால் துவைக்கவேண்டி வருமோ என்ற நினைப்பினால். திதிக்கு இதைக் கட்டக் கூடாது என்று அவர் சொன்னால், அலமாரியிலிருக்கும் இன்னொன்றை நனைத்துப் பிழிய வேண்டும். இத்தனை மாதமாகக் காப்பாற்றிய கை ஒரே சாயங்காலத்தில் போய்விடும். போகட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. களைத்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

பத்ரி வந்தார். இலைக்கட்டை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று, "வேஷ்டியை ஒணத்தியாச்சா, ஜானு?" என்றார்.

"மெஷின் நின்னுபோயிடுத்து. ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் அவள். கேட்டதற்குப் பதில் அது இல்லை. அவர் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஹாலுக்குப் போய் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

சர்வீஸ் ஆள் ஆதில் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஹெல்மெட் அழுத்தின தடம் நெற்றியில் இருந்தது, அவனும் காலையிலிருந்து ஊரைச் சுற்றிக் களைத்திருந்தான். முதலில் எலி கடித்திருக்கும் என்றான். மைலாப்பூரில் பாதி மெஷின் எலியால்தான் போகிறது என்று அடித்துச் சொன்னான். பிளக்கை உருவிவிட்டு, பின்னால் டார்ச் அடித்து ஒயரையெல்லாம் பார்த்தான். எலி எதையும் கடித்திருக்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முதலில் தண்ணீரை எடுக்க வேண்டும் என்று தட்டு கேட்டான். கீழே வலது மூலையிலிருந்த மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னக் குழாயை இழுத்து அடைப்பை எடுத்தான். தண்ணீர் தட்டில் நிறைந்து, அவன் ஊற்றிவிட்டு வருவதற்குள் வழிந்து தரைக்கு வந்தது. தரைக்கு வந்தது தன் வழக்கப்படி சமையலறைக் கதவைப் பார்த்துக் கிளம்பியது. ஜானு மாப்போடு அதன் முன்னால் போய் நின்றாள். அவளும் தன் வழக்கப்படிதான்.

சத்தம் கேட்டு பத்ரி எழுந்து வந்தார். வாசற்படியில் ஈரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார்.

ஆதில் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டான். போடாதே என்று ஜானுவால் சொல்ல முடியவில்லை. மூடிக்குள் கைவிட்டு ஒரு நாடாவைப் பிடித்து இழுத்தான். கதவு டக் என்று விட்டது. திறந்து, உள்ளேயிருந்த வேஷ்டியை வாரி எடுத்தான். கரை அவன் முழங்கையிலிருந்து தரைவரை தொங்கியது. தண்ணீர் கொட்டியது. எங்கே போட என்று கேட்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜானு மாப்பின் கோலைப் பிடித்துக்கொண்டு டைல்ஸையே பார்த்தாள். ஒவ்வொரு டைலுக்கும் நடுவில் கறுத்துப்போன கோடு. இதை ஒரு நாள் உட்கார்ந்து தேய்க்க வேண்டும் என்று நினைத்தாள். உயிர் போகிற நேரத்திலும் வீட்டு வேலைதான் ஞாபகம் வரும்போலிருக்கிறது.

"அந்தப் பக்கெட்டுல போடுப்பா" என்றார் பத்ரி. குரலில் ஒன்றும் இல்லை.

ஆதில் போட்டுவிட்டு மெஷினை முன்னால் இழுத்தான். பின்பக்கம் இரண்டு திருகுகளைக் கழற்றி மேல்தகட்டைப் பின்னுக்குத் தள்ளித் தூக்கினான். முன்விளிம்பு நெடுக துரு பிடித்திருந்தது. திரைக்குப் பின்னாலிருந்த போர்டு நனைந்து, ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அவன் விரலால் தொட்டுப் பார்த்து முகர்ந்தும் பார்த்தான். பிறகு அண்ணாந்து, மெஷின் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்த குழாயைப் பார்த்தான்.

"இன்னா மேடம், இது மேலேர்ந்து சொட்டிக்கினே இருந்திருக்கு. தண்ணி தகட்டு இடுக்கு வழியா இறங்கி போர்டு ஃபுல்லா காலி. ஸ்பின் போட்டு எடுத்தா துணி சொட்டாதே, அப்புறம் எங்கேர்ந்து வருது இவ்ளோ தண்ணி?"

அவன் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்வதில் அர்த்தமில்லை. தவறுதலாக ஆகிவிட்டது என்றாள் ஜானு. போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டான், புதுசு வர நாலைந்து நாள் ஆகும் என்றான், அதுவரை பிளக்கைப் போடவேண்டாம், மேலே ஈரத்துணியும் போடவேண்டாம் என்றான். தகட்டை மூடினான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, எலியாக இருந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு ஜானு திரும்பி வந்தாள். பத்ரி இன்னும் அதே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பக்கெட்டில் வேஷ்டி கிடந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று இத்தனை மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. மார்கழியிலிருந்து வேஷ்டியை மெஷினில்தான் போடுகிறேன், கை முடியவில்லை, நீங்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்று மறுபடி நனைத்து உலர்த்தினேன் என்று நேராகச் சொல்லிவிட்டாள். நாளைக்கு இதைக் கட்டலாமோ கூடாதோ எனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். இனி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் பத்ரி.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"கையால பிழிஞ்சா நீளத்துக்கு முறுக்கு விழும், ஜானு. மெஷின்ல சுத்தினா கசங்கல் வேற மாதிரி. காஞ்சப்புறமும் போகாது. எத்தனை வருஷம் நானே ஒணத்தியிருக்கேன், தெரியாதா? தையிலேயே தெரிஞ்சுடுத்து. சொன்னா நீ சங்கடப்படுவியேன்னுதான் சொல்லலை."

தை என்றார். அவள் மனதுக்குள் மாதங்கள் வரிசையாக வந்து நின்றன. கணக்கு டீச்சர் மூளை, சும்மா இருக்காது.

"தையில தெரியும். மாசியில சத்தம் காணுமேன்னு கேட்டேளே?"

அவர் முகம் மாறியது. அதை அவர் மறந்தே போயிருந்தார் என்பது தெரிந்தது. "பழக்கத்துல கேட்டிருப்பேன்" என்றார்.

"அதுக்காகத்தான் துண்டை எடுத்தேன்."

அவள் பக்கெட்டைக் காட்டினாள்.

"உங்களுக்குத் தெரியும்னா, அந்தச் சொட்டு யாருக்கு? நான் காலம்பற காலம்பற ஈர வேஷ்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டேனே, அது யாருக்கு?"

குரலை உயர்த்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பத்ரி வேஷ்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். கடைசியில் மிகவும் சின்னக் குரலில், அந்தச் சத்தம் கேட்டால் மடியாகத்தான் இருக்கிறது என்று மனது சமாதானப்பட்டுக்கொண்டது, அதற்கு மேல் யோசிக்க வேண்டாமென்று இருந்தது என்றார். பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஜானுவுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவர் மடி பார்ப்பதில் அவளுக்கு எந்நாளும் ஆட்சேபம் இருந்ததில்லை. மனிதருக்கு ஒரு நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த நம்பிக்கையும் இல்லாமல், அதன் சத்தம் மட்டும் போதுமென்று ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சத்தத்தை உண்டாக்க ஒருத்தி இந்தப் பக்கம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திட்டியிருக்கலாமே இந்த மனுஷன். திட்டியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். தெரிந்தும் பேசாமல் இருந்ததை அவர் தயவு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தயவைத்தான் அவள் தினமும் பக்கெட்டிலிருந்து தூக்கினாள்.

அவள் மாப்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

"திதி உங்க அப்பாவுக்கு. வேஷ்டி உங்களுது. குழாய்ல தண்ணி வரது, தோளும் சரியாப் போயிடுத்து. எனக்குக் கை முடியலை, நான் போய்ப் படுத்துக்கறேன்."

விளக்குகூடப் போடாமல் பெருமாள் அலமாரி இருந்த அறையில் பாயை விரித்துப் படுத்தாள். திதிக்கு முந்தின சாயங்காலம், இலை நறுக்காமல், தேங்காய் துருவாமல், இந்த நேரத்தில் அவள் படுத்ததே கிடையாது. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். அதற்கும் அன்று களைப்புபோலிருக்கிறது, வரவில்லை.

பத்ரி வெகு நேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். பிறகு குளியலறைக் கதவு சாத்தும் சத்தம், தலையில் தண்ணீர் விழும் சத்தம். மடிக்குத் துவைப்பதென்றால் குளித்துவிட்டுத்தானே. அப்புறம் யுட்டிலிட்டியில் தண்ணீர்க் குழாய் திறந்தது. துணி டைல்ஸில் அடிபட்டது, ஒரு தடவை, நிறுத்தி இன்னொரு தடவை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிழிந்தார், பாதியில் நிறுத்தினார், மறுபடி பிழிந்தார். ஈர மயில்கண் வேஷ்டி எவ்வளவு கனம் என்று அந்தத் தோளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும். கயிறு தளர்ந்தது, உருளை கிறீச்சிட்டது, குழாய் மேலே ஏறியது. எந்தக் குழாய் என்று அவளால் சத்தத்திலேயே சொல்ல முடிந்தது. சுவரை ஒட்டியது இல்லை, நடுவில் இருப்பது. மெஷினைத் தள்ளி, ஸ்டாண்டை மடக்கி, யாரும் தாண்டாத மாதிரி வழியை அடைத்திருப்பார்.

பிறகு சொட்ட ஆரம்பித்தது.

தகட்டின்மேல் விழும் டொக் இல்லை இது. தரையில் விழும், மெதுவான, இடைவெளி விட்ட சொட்டு. இத்தனை மாதமாக இந்தச் சத்தத்தை உண்டாக்கியவள் ஒரு நாளும் இதைப் படுத்துக்கொண்டு கேட்டதில்லை. சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்க, நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் வேலையை முடித்துவிட்டார்கள், இனி நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. பத்ரி ஏன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததில் கோபம் குறையவில்லை. மணிக்கட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

கண் செருகும்போது அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"ஜானு, தண்ணியெல்லாம் சமையல் உள்ளுக்கு வந்துண்டிருக்கே."

"மாப் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள் ஜானு. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.